பிரிவு அட்டையில் பழைய தகராறு: தொடலாமா, விடலாமா?

மணலிப் பக்கம் ஒரு கண்டெய்னர் கிடங்கு என்று வைத்துக்கொள்வோம். அங்கே ஏற்றுமதி டெஸ்க்கில் இருப்பவருக்கும் யார்டு சூப்பர்வைசருக்கும் பல வருடமாக ஒத்துப்போகவில்லை. இந்த மாதக் கடைசியில் சூப்பர்வைசருக்குப் பணி ஓய்வு. சால்வை வாங்கியாகிவிட்டது, பிரியாணிக்குச் சொல்லியாகிவிட்டது. வாழ்த்து அட்டை மேசை மேசையாகச் சுற்றி டெஸ்க்காரரிடம் வந்து நிற்கிறது. அதில் பழைய தகராறைத் தொட்டு எழுதுவதா, இல்லை அப்படி ஒன்று நடக்காத மாதிரி விட்டுவிடுவதா?

விட்டுவிடுவதுதான் பெரும்பாலும் சரி. ஆனால் அட்டையில் விட்ட விஷயம் வேறொரு இடத்தில் போய்ச் சேர வேண்டும். சேர்க்காமல் விட்டால் அது பூசி மெழுகுவதாகத்தான் முடியும். எது எங்கே சேர வேண்டும் என்று தெரிய, முதலில் தகராறைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

இவர்கள் இருவருக்கும் பிரச்சினை எடையில். கப்பலில் ஏறும் ஒவ்வொரு சரக்குக் கண்டெய்னருக்கும் சரிபார்த்த மொத்த எடை, அதாவது வி.ஜி.எம்., கொடுத்தாக வேண்டும். 2016 ஜூலை 1 முதல், கடல் பயணப் பாதுகாப்புக்கான சோலாஸ் என்ற சர்வதேச உடன்படிக்கையின்படி இது கட்டாயம். எடை எடுக்க இரண்டு வழி உண்டு. சரக்கு ஏற்றி மூடிய கண்டெய்னரை அப்படியே எடை மேடையில் ஏற்றுவது ஒன்று. சரக்கு, பேக்கிங், முட்டுக்கட்டை எல்லாவற்றின் எடையையும் கூட்டி, கண்டெய்னர் கதவில் எழுதியிருக்கும் காலி எடையைச் சேர்ப்பது இன்னொன்று. விதி இரண்டையும் ஏற்கிறது. டெஸ்க்காரர் இரண்டாவது வழியைக் கேட்பார். எடை மேடையில் வண்டி வரிசை கட்டி நின்றால் துறைமுக கேட்டின் கடைசி நேரம் தாண்டிப்போகும், கண்டெய்னர் அடுத்த கப்பலுக்குத் தள்ளிப்போகும் என்பது அவர் கவலை. சூப்பர்வைசர் முதல் வழியில்தான் நிற்பார். ஃபேக்டரி தரும் பேக்கிங் லிஸ்ட்டில் கட்டையின் எடை விட்டுப்போயிருக்கும், மழையில் நனைந்த அட்டைப்பெட்டியின் எடை கூடியிருக்கும், காகிதத்தை நம்பி வண்டியை விட முடியாது என்பார். இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அதனால்தான் அது தீரவேயில்லை.

இதற்கு நடுவில் ஒரு நாள் ஒரு கண்டெய்னர் கப்பலைத் தவறவிட்டது. 'யார்டு தாமதம்' என்று டெஸ்க்காரர் மெயில் போட்டார், மேனேஜரையும் அதில் சேர்த்தார். அதிலிருந்து சூப்பர்வைசர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

ஆக, 'தீராத தகராறு' என்று ஒரே மூட்டையாகக் கட்டி வைத்திருப்பதற்குள் மூன்று விஷயம் இருக்கிறது. எடையை எந்த வழியில் எடுப்பது என்ற வேலைக் கேள்வி ஒன்று. அந்த மெயிலில் எழுதியது உண்மையா என்பது ஒன்று. மனக்கசப்பு மூன்றாவது. வேலைக் கேள்வி ஒப்படைப்புக் குறிப்பில் எழுத வேண்டியது. மெயில் விஷயம் மெயிலில் தீர வேண்டியது. கசப்பைப் பற்றிப் பேசுவதென்றால் நேரில் பேச வேண்டும். மூன்றில் ஒன்றுக்குக்கூட அட்டை இடமில்லை.

அட்டையை யார் படிக்கிறார்கள் என்று பார்த்தாலே காரணம் புரியும். இது இரண்டு பேருக்குள் போகும் கடிதம் அல்ல. உங்களுக்குப் பிறகு கையெழுத்துப் போடும் கிளார்க், ஃபோர்க்லிஃப்ட் டிரைவர், கேட் செக்யூரிட்டி எல்லாரும் படிப்பார்கள். விழாவில் யாராவது அதைக் கையில் எடுத்து மைக்கில் படிப்பார். முன்வரிசையில் அவர் மனைவி, மகள், மாப்பிள்ளை, பேரப்பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள். பிறகு அது கொருக்குப்பேட்டையிலோ தண்டையார்பேட்டையிலோ ஒரு வீட்டு ஷோகேஸில் போய் நிற்கும், வருகிறவர் போகிறவர் எல்லாம் எடுத்துப் பார்ப்பார்கள். அவர் திரும்ப எழுதிப் பதில் சொல்ல அதில் இடம் கிடையாது.

நான்கு வழிகள்

முதல் வழி, தொட்டும் தொடாமலும் எழுதுவது. நிறையப் பேர் செய்வது இதைத்தான்:

> அண்ணே, நமக்குள்ள எத்தனையோ கருத்து வேறுபாடு இருந்தாலும் நீங்க நல்ல மனுஷன். மனசுல எதுவும் வச்சுக்காதீங்க. ஓய்வுக் காலம் நல்லபடியா அமைய வாழ்த்துகள்.

எழுதியவருக்குப் பெருந்தன்மை காட்டிய திருப்தி இருக்கும். படிக்கிறவருக்கு அப்படி விழாது. 'இருந்தாலும்' வந்த உடனே அதற்குப் பின்னால் வரும் பாராட்டு சலுகை போலாகிவிடுகிறது. 'மனசுல வச்சுக்காதீங்க' என்பது பாரத்தை அவர் தலையில் ஏற்றுகிறது: மறக்க வேண்டிய வேலை அவருக்கு, சொன்ன நிம்மதி உங்களுக்கு. அன்று ராத்திரி வீட்டில் 'யாருங்க இவரு, என்ன தகராறு உங்களுக்குள்ள?' என்று கேள்வி வரும். ஓய்வு பெற்ற அன்றைக்கு அவர் எடை மேடைக் கதையை முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

இந்த வழி எடுபடும் இடம் ஒன்று உண்டு. அந்தச் சண்டை ஆபீசுக்கே தெரிந்த கேலியாகி, அவரே அதைச் சொல்லிச் சிரிப்பவராக இருந்தால் எழுதலாம். 'என்னப்பா, இன்னிக்காவது எடை போடாம வண்டிய விடட்டா?' என்று அவரே டெஸ்க்குக்கு வந்து கேட்கிறார் என்றால், அதே கேலியை அட்டையிலும் எழுதலாம். ஒரு தடவையாவது அவர் வாயிலிருந்து அது வந்திருக்க வேண்டும். நீங்கள் மட்டும் கேலியாக நினைத்துக்கொண்டிருப்பது கணக்கில் வராது.

இரண்டாவது, அட்டையிலேயே கணக்குத் தீர்ப்பது. 'அன்றைக்கு நடந்ததில் என் பக்கம் நியாயம் இருந்தது, ஆனால் உங்களையும் புரிந்துகொள்கிறேன்' என்று நாலு பத்தி எழுதுவது. இது வேண்டாம் என்று சொல்ல அதிகம் யோசிக்கத் தேவையில்லை. ஆனால் இதிலேயே நல்ல எண்ணத்தோடு வரும் ஒரு வகை உண்டு, அது அட்டையில் மன்னிப்புக் கேட்பது. பார்க்கப் பணிவு போலத் தெரியும். ஆனால் ஊரே பார்க்க மன்னிப்புக் கேட்டால், அவர் ஊரே பார்க்க மன்னித்தாக வேண்டும். அவருக்கு இன்னும் கோபம் இருந்தால் அதைக் காட்டக்கூட வழியில்லை. 'ஏதாவது மனம் நோகும்படி பேசியிருந்தால் மன்னிக்கவும்' என்பது நம் விழாக்களில் எல்லாரும் சொல்கிற வழக்கமான வரிதான். மற்றவர் எழுதினால் யாரும் நின்று படிக்க மாட்டார்கள். சண்டை போட்டவர் எழுதினால் அந்த வரி அந்தச் சண்டையையே சுட்டும்.

மூன்றாவது, 'வாழ்த்துகள்' என்று ஒரு சொல், கீழே கையெழுத்து. அதிகம் பழகாதவர் என்றால் இதில் குறை ஒன்றுமில்லை. ஆனால் தினமும் இருபது தடவை போனில் பேசிய டெஸ்க்கிலிருந்து இவ்வளவுதான் என்றால், சுற்றி உள்ளவர்கள் நாலு வரி எழுதியிருக்கும்போது அந்த வெற்றிடம் கண்ணில் படும். சண்டையை எழுதாமலேயே எழுதிய மாதிரி.

நான்காவது, தகராறை அடியோடு விட்டுவிட்டு, உண்மையான வேறொன்றை எழுதுவது:

> அண்ணே, ராத்திரி ஷிஃப்டில் சீல் நம்பரை டார்ச் அடித்துப் பார்த்துப் போனில் சொல்வீர்கள். நான் எழுதியதைத் திருப்பிப் படிக்கச் சொல்லிவிட்டுத்தான் போனை வைப்பீர்கள். இப்போது புதிதாக வரும் பையன்களிடம் நானும் அதையே கேட்கிறேன். ஓய்வுக் காலம் உடல்நலத்தோடு அமையட்டும். அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் என் வணக்கம்.

இதில் எடை இல்லை, மெயில் இல்லை, 'கருத்து வேறுபாடு' இல்லை. மைக்கில் படித்தால் யார்டு ஆட்கள் தலையாட்டுவார்கள், ஏனென்றால் அந்த டார்ச்சை அவர்களும் பார்த்திருக்கிறார்கள். வீட்டில் படித்தால் அவருடைய வேலை எப்படிப்பட்டது என்று பிள்ளைகளுக்குத் தெரியும். இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

விட்டது பொய்யாவது எங்கே

எழுதாமல் விடுவது பொய்யல்ல. விட்ட இடத்தை நிரப்ப எழுதுவதில்தான் பொய் நுழையும். சண்டையை மறைக்க வேண்டும் என்ற பதற்றத்தில், கை தானாகவே 'உங்களைப் போல் ஒத்துழைப்புத் தருபவர் இந்தக் கிடங்கிலேயே இல்லை' என்று எழுதும். அது உண்மையில்லை என்று அவருக்குத் தெரியும், யார்டுக்கே தெரியும். சிலர் அதைக் கிண்டல் என்றே எடுத்துக்கொள்வார்கள். தகராறு இருந்தவருக்கு எழுதும்போது 'மிகச் சிறந்த', 'ஈடு இணையற்ற' மாதிரி அடைமொழிகளைக் குறைத்து, அவர் செய்த ஒரு காரியத்தைச் சொல்வது பாதுகாப்பு. 'டார்ச் அடித்துப் பார்ப்பீர்கள்' என்பதை யாரும் மறுக்க முடியாது.

எந்தக் காரியத்தைச் சொல்வது என்பதிலும் கவனம் வேண்டும். தகராறு எடையில் என்றால் எடைக்குப் பக்கத்திலேயே போகக் கூடாது. 'எடை விஷயத்தில் உங்கள் கண்டிப்பை மறக்க முடியாது' என்று எழுதினால், அது குத்தலா, தோல்வியை ஒப்புக்கொள்வதா என்று அவர் மண்டையைக் குழப்பிக்கொள்வார். 'கண்டிப்பானவர்' என்ற சொல்லே இங்கே ஆகாது. நண்பர் எழுதினால் அது பாராட்டு, எதிர்த்து நின்றவர் எழுதினால் புகார். சீல், ஷிஃப்ட் மாற்றம், புது ஆளுக்கு வேலை கற்றுக்கொடுத்தது, மழை நாளில் தார்ப்பாய் போட்டது என்று தகராறுக்குச் சம்பந்தமில்லாத மூலையில் தேட வேண்டும்.

ஒன்றும் தோன்றவில்லை என்றால் வேறு மாதிரி யோசிக்கலாம். அடுத்த மாதம் அவர் இடத்தில் புது ஆள் உட்காருவார். முதல் வாரத்தில் எந்த வேலை நடக்காமல் நின்று 'அண்ணன் இருந்தா இது வந்திருக்கும்' என்று டெஸ்க்கில் ஒருவர் சொல்வார்? அதை எழுதுங்கள். பிடிக்காதவர் விஷயத்திலும் இந்தக் கேள்விக்கு ஒரு பதில் கிடைத்துவிடும்.

எழுதி முடித்ததும் ஒரு தடவை வாய்விட்டுப் படிக்க வேண்டும். மனதுக்குள் படிக்கும்போது தெரியாத குத்தல் காதில் விழும். 'இருந்தாலும்', 'ஆனாலும்', 'எது எப்படியோ' வந்தால் அந்த வாக்கியத்தையே எடுத்துவிடுங்கள். 'கடைசி மாதத்திலாவது', 'இனிமேலாவது' இன்னும் மோசம். அந்த ஒரு விகுதியிலேயே இத்தனை வருடக் குறையும் உட்கார்ந்திருக்கும். 'இனிமேலாவது நிம்மதியாக இருங்கள்' என்று நல்ல மனதோடுதான் எழுதுவார்கள், மைக்கில் கேட்கும்போது அரங்கம் சிரிக்கும். நாலைந்து வாக்கியம் போதும். அதைத் தாண்டினால் கை தானாகப் பழைய விஷயத்துக்குப் போகும்.

விட்டதை எங்கே சேர்ப்பது

வரிசை முக்கியம். ஒப்படைப்புக் குறிப்பு முதலில், அவர் போவதற்கு ஒரு வாரம் முன்பாகவாவது. மெயில் திருத்தம் இருந்தால் அதற்கடுத்து, நேரில் பேச்சும் அதே நாட்களில். அட்டை கடைசியில். பல ஆபீஸ்களில் கடைசி நாள் சாயங்காலத்தோடு மெயில் ஐடியை மூடிவிடுவார்கள். அட்டையை எழுதிவிட்டு, அடுத்த வாரம் ஆற அமர மெயிலைத் திருத்தலாம் என்று விட்டால், திருத்தம் எல்லாருக்கும் போகும், யாருக்குப் போக வேண்டுமோ அவருக்குப் போகாது.

வேலைக் கேள்வியை ஒப்படைப்புக் குறிப்பில் இப்படி எழுதலாம்:

> வி.ஜி.எம்.: இங்கே சரக்கு ஏற்றும் கண்டெய்னர்களை யார்டு இதுவரை எடை மேடையில் ஏற்றி எடுக்கிறது. கடைசி நேரம் நெருங்கும்போது கூட்டல் முறையை அனுமதிக்க டெஸ்க் கேட்டிருக்கிறது. முடிவு ஆகவில்லை. முடிவு எடுக்க வேண்டியவர் ஆபரேஷன்ஸ் மேனேஜர். அதுவரை நடைமுறையில் மாற்றமில்லை.

யார் மறுத்தார், யார் பிடிவாதம் பிடித்தார் என்று ஒன்றும் இதில் இல்லை. புது சூப்பர்வைசருக்குத் தெரிய வேண்டியது நாலு விஷயம்தான்: இப்போது என்ன நடக்கிறது, என்ன கேட்கப்பட்டிருக்கிறது, யார் தீர்க்க வேண்டும், அதுவரை என்ன செய்வது. இதை எழுதாமல் விட்டால் முதல் அவசர கண்டெய்னரிலேயே அதே சண்டை புது ஆளோடு ஆரம்பிக்கும். முடிந்தால் இந்தப் பகுதியைப் போகிறவரிடம் காட்டி, 'சரியா இருக்கா அண்ணே?' என்று கேட்டுவிடுவது நல்லது. இத்தனை வருடம் ஒத்துவராதவர்கள், ஒத்துவராத விஷயம் இன்னதுதான் என்பதிலாவது ஒத்துப்போவார்கள்.

மெயில் விஷயம் வேறு. முதலில் கேட் பதிவேட்டையும் எடை மேடைச் சீட்டையும் பக்கத்தில் வைத்து நேரத்தைப் பாருங்கள். வண்டி யார்டிலிருந்து நேரத்துக்குக் கிளம்பி, எண்ணூர் விரைவுச் சாலை நெரிசலில்தான் நின்றது என்று தெரிந்தால், அன்று எழுதிய 'யார்டு தாமதம்' தவறு. அதை அட்டையில் இனிப்பாக எழுதி ஈடுகட்ட முடியாது. பழைய மெயிலின் மேலேயே, அன்று யார் யாரைச் சேர்த்தீர்களோ அத்தனை பேருக்கும் பதில் போட வேண்டும்: 'அன்று யார்டு தாமதம் என்று எழுதியிருந்தேன். கேட் பதிவைப் பார்த்ததில் வண்டி உரிய நேரத்தில் கிளம்பியிருக்கிறது. தாமதம் சாலையில் ஏற்பட்டது.' இவ்வளவு போதும். மேனேஜர் முன்னால் சொன்ன குற்றம் மேனேஜர் முன்னால்தான் விலக வேண்டும். சூப்பர்வைசரிடம் மட்டும் தனியாக 'ஸாரி அண்ணே' என்றால் அவர் கோப்பில் அந்த மெயில் அப்படியேதான் இருக்கும். பதிவேடு உங்கள் பக்கம் பேசினால் எதையும் திருத்த வேண்டாம். அதைக் கிளறவும் வேண்டாம்.

கசப்புக்கு நேர்ப்பேச்சு. கேட்டுக்கு வெளியே டீக்கடையில் இரண்டு நிமிடம் போதும். 'அண்ணே, எடை விஷயத்துல என் கருத்து அதேதான். ஆனா அன்னைக்கு மேனேஜரச் சேர்த்து மெயில் போட்டது வேண்டாத வேலை.' முதல் வாக்கியம் இருப்பதால்தான் இரண்டாவதை அவர் நம்புவார். எல்லாவற்றிலும் நீங்கள்தான் சரி என்று திடீரென்று இறங்கிவந்தால், விழாவுக்காகச் சொல்கிறான் என்றுதான் தோன்றும். அவர் 'அதெல்லாம் விடுப்பா' என்றால் விட்டுவிடுங்கள், விளக்கம் சொல்லப் போகாதீர்கள். முகம் திருப்பினாலும் அப்படியே. இரண்டில் எது நடந்தாலும் அட்டை வாசகம் மாறாது. பேசித் தீர்ந்துவிட்டது என்ற சந்தோஷத்தில் 'நேற்றுப் பேசியதில் மனசு லேசாச்சு' என்று அட்டையில் சேர்ப்பவர்கள் உண்டு. அதுவும் வேண்டாம், கேள்வி கேட்க வீட்டில் ஆள் இருக்கிறது.

விடக் கூடாத, எழுதவும் கூடாத இடங்கள்

இவ்வளவும் வேலைத் தகராறுக்கு. வேறு வகைத் தகராறுகள் உண்டு. போகிறவர் மேல் பாலியல் தொல்லைப் புகார் கொடுத்திருக்கும் பெண், அல்லது கொடுக்கலாமா என்று யோசிக்கும் பெண், மற்றவர்கள் வற்புறுத்துகிறார்கள் என்று அட்டையில் நாலு நல்ல வரி எழுதினால், 'பழக்கம் நன்றாகத்தானே இருந்தது' என்று விசாரணையில் அதையே எடுத்துக் காட்டுவார்கள். 2013 சட்டப்படி, பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் இதற்கான உள்ளகக் குழு இருக்க வேண்டும். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் புகார் தர வேண்டும், தகுந்த காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் வரை நீட்டிக்கலாம். ஆள் ஓய்வு பெற்றுப் போகிறார், இனி என்ன என்று நாள் கடத்தக் கூடாது. அட்டையில் எழுதாமல் இருப்பதே அங்கே சரி, வெறும் கையெழுத்தும் கட்டாயமில்லை.

சாதியைச் சொல்லித் திட்டியது, சம்பளத்தில் கைவைத்தது, ஹாரன் வேலை செய்யாத ஃபோர்க்லிஃப்ட்டை ஓட்டச் சொன்னது எல்லாம் இதே வகைதான். இவற்றை 'கருத்து வேறுபாடு' என்று எழுதினால் நடந்ததைச் சிறிதாக்கிவிடுவோம். எழுத்துப் புகாராகப் போக வேண்டியது புகாராகவே போகட்டும்.

போகிறவர் நீங்கள்தான் என்றால் கணக்கு பெரிதாக மாறாது. எல்லாருக்கும் அனுப்பும் பிரிவு மெயிலில் தகராறு இருந்தவர் பெயரை மட்டும் விட்டுவிடாதீர்கள். பெயர் சொல்லி நன்றி சொல்வதென்றால் அவர் பெயரும் வர வேண்டும், இல்லையென்றால் யார் பெயரும் வேண்டாம். கிடங்குத் தொழிலில் மணலியில் விட்ட ஆளை மாதவரத்தில் பார்ப்பீர்கள், அதுவும் வாடிக்கையாளர் பக்கத்து நாற்காலியில்.

கையெழுத்துக்குக் கீழே போன் நம்பர் எழுதுவதா என்பது இன்னொரு கேள்வி. ஆபீஸ் சிம் கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகிறவரிடம் யார் நம்பரும் இருக்காது என்பதால் பலரும் அட்டையில் எழுதுவார்கள். பி.எஃப். படிவத்தில் ஒரு சந்தேகம், பழைய சீட்டு ஒன்றின் நகல் என்று அவர் கூப்பிட்டால் எடுத்துப் பேசுவீர்கள் என்றால் எழுதுங்கள். இல்லையென்றால் பெயரோடு நிறுத்திக்கொள்ளலாம்.